ஏடிஎச்டி: பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியுமா?

"வீடியோ கேம் ஆடும்போது ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருக்கான் டாக்டர். இவனுக்கா கவனக் குறைபாடு?"

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்தால் ஏடிஎச்டி என்ற குறைபாட்டில் பாதி விளங்கிவிடும் என்பதால் இங்கிருந்தே தொடங்குவோம்.

ஏடிஎச்டி உள்ள பிள்ளையிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் வைக்கவும், வைத்த இடத்தில் நிறுத்தவும், வேலை முடிந்ததும் அங்கிருந்து எடுக்கவும்தான் அந்தப் பிள்ளை திணறுகிறது. வீடியோ கேமில் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏதாவது வெடிக்கிறது, புள்ளி ஏறுகிறது, அடுத்த கட்டம் திறக்கிறது. கவனத்தை அந்த விளையாட்டே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை தன் பங்குக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கணக்கு நோட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இன்றைக்குப் போடும் இருபது கணக்கின் பலன் என்றோ வரப்போகும் பரீட்சையில்தான் தெரியும். பலன் தள்ளிப் போகும் வேலையில் தன்னைத்தானே பிடித்து உட்கார வைப்பதற்கு மூளையின் முன்பகுதி நன்றாக வேலை செய்ய வேண்டும். டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொண்டு இயங்கும் நரம்புப் பாதைகள் அதற்குத் துணை நிற்க வேண்டும். ஏடிஎச்டியில் தடுமாற்றம் இந்த இடத்தில்தான். ஆகவே, கேமில் மூழ்குவதும் கணக்கில் நழுவுவதும் ஒரே பிள்ளையிடம் இருப்பது முரண் இல்லை. அது இந்தக் குறைபாட்டின் இயல்பு.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா தலைமையிலான குழு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வளரும் பிள்ளைகளின் மூளைப் புறணி எந்த வயதில் உச்சத் தடிமனை அடைகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஏடிஎச்டி இல்லாத பிள்ளைகளில் புறணியின் பாதிப் பகுதி அந்த நிலையை ஏழரை வயதில் எட்டியது. ஏடிஎச்டி உள்ளவர்களில் பத்தரை வயதானது. முன்பகுதியில்தான் தாமதம் மிகுதி. இது நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சராசரி. தனியொரு பிள்ளையின் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு 'இருக்கிறது', 'இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அந்த வழியைத்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பிழைகள் நேர்வதும் அங்கேதான்.

ஏடிஎச்டி என்றதும் நம் மனதில் வருவது பெஞ்சின் மேல் ஏறிக் குதிக்கும் பையன். அந்தப் பையனை யாரும் தவறவிடுவதில்லை. ஆசிரியரே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். தவறிப்போவது வேறு பிள்ளை. நான்காம் வகுப்பு படிக்கும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். கயல் என்று பெயர் வைப்போம். வகுப்பில் சத்தமே போட மாட்டாள். யாரையும் அடிக்க மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பென்சில் பெட்டி வாரத்துக்கு ஒன்று தொலையும். வீட்டுப்பாடம் என்ன என்று டைரியில் எழுதி வர மாட்டாள். எழுதி வந்தால் புத்தகத்தைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள். ஒரு தேர்வில் 88, அடுத்த தேர்வில் 41. முன்னேற்ற அறிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே குறிப்பு: "அறிவிருக்கிறது, முயற்சி போதாது." இப்படி எழுதப்பட்ட அறிக்கைகளோடு எத்தனையோ பெண் பிள்ளைகள் கல்லூரி வரை போய்விடுகிறார்கள், தங்களைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டே.

கயலை அவள் அம்மா மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். முதல் சந்திப்பில் கயல் கைகட்டி உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்கிறாள். இதைப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் அது முதல் பிழை. புது இடம், புது ஆள், எதிரே ஒருவர் தன்னை மட்டுமே பார்த்துப் பேசுகிறார். இந்தச் சூழலில் ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் பலர் நன்றாகவே இருப்பார்கள். துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகளும் டாக்டர் அறையில் அடங்கி உட்காருவதுண்டு. அறையில் பார்ப்பதை விட, அறைக்கு வெளியே மாதக்கணக்கில் நடந்ததைக் கேட்டறிவதே மதிப்பீட்டின் பெரும்பகுதி.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேடுதான் உலகில் பரவலாகப் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று. அதில் கவனம் சார்ந்து ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்து ஒன்பது அறிகுறிகள். கவனப் பட்டியலில் வருபவை கயலின் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தவை: கவனப் பிசகால் தப்பு விடுவது, நேரில் பேசினாலும் காதில் விழாதது போல் இருப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பொருளைத் தொலைப்பது, அன்றாட வேலையை மறப்பது. மற்றப் பட்டியலில் உட்கார முடியாமல் எழுவது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடியும் முன்பே பதிலை உளறுவது, வரிசையில் காத்திருக்க முடியாதது போன்றவை. ஏதாவது ஒரு பட்டியலில் ஆறாவது இருக்க வேண்டும். 17 வயதுக்கு மேல் ஐந்து போதும். கவனப் பட்டியலில் மட்டும் தேறுபவர்கள், துறுதுறுப்பில் மட்டும் தேறுபவர்கள், இரண்டிலும் தேறுபவர்கள் என்று மூன்று வகையாக இது வெளிப்படுகிறது. கயல் முதல் வகை.

எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. எண்ணிக்கையைச் சுற்றியுள்ள நிபந்தனைகளுக்குத்தான் கனம் அதிகம். அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். அவற்றில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தென்பட வேண்டும். படிப்பையோ உறவையோ அன்றாட வாழ்வையோ அவை உண்மையாகவே கெடுத்திருக்க வேண்டும். வேறொரு காரணம் அவற்றை இன்னும் பொருத்தமாக விளக்கிவிடக் கூடாது. பென்சில் தொலைக்காத குழந்தை எந்த ஊரில் உண்டு? மற்ற பிள்ளைகளை விட எவ்வளவு அதிகம், எவ்வளவு காலமாக, எத்தனை இடங்களில், அதனால் என்ன இழப்பு என்பதே கேள்வி.

இதற்காக மருத்துவர் இரண்டு படிவங்கள் தருகிறார்: ஒன்று பெற்றோருக்கு, ஒன்று வகுப்பு ஆசிரியருக்கு. வேண்டர்பில்ட் படிவம் என்பது அதிகம் பழக்கத்தில் உள்ள ஒன்று. இந்தியச் சூழலுக்கென்றே உருவாக்கிச் சரிபார்க்கப்பட்ட இன்கிளென் கருவியும் உண்டு. வேண்டர்பில்டில் ஒவ்வோர் அறிகுறிக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதற்குச் சுழியம், 'எப்போதாவது' என்பதற்கு 1, 'அடிக்கடி' 2, 'மிக அடிக்கடி' 3. இரண்டோ மூன்றோ போட்டிருந்தால்தான் அது அறிகுறியாகக் கணக்கில் சேரும். கயலின் வகுப்பு ஆசிரியை கவனப் பட்டியலில் ஏழுக்கு இரண்டோ மூன்றோ போட்டிருக்கிறார். அம்மா எட்டுக்குப் போட்டிருக்கிறார். மற்றப் பட்டியலில் இருவருமே ஒன்று, இரண்டைத் தாண்டவில்லை. அப்பாவும் தனியே ஒரு படிவம் நிரப்புகிறார். அவர் கணக்கில் மூன்றுதான் தேறுகிறது.

இங்கே ஒரு நல்ல மருத்துவர் அப்பாவின் படிவத்தைத் தூக்கிப் போட மாட்டார். ஏன் வேறுபடுகிறது என்று கேட்பார். கடையை மூடிவிட்டு அவர் வீடு திரும்பும்போது கயல் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடற்கரைக்குப் போவார்கள். பாடம், டைரி, பள்ளி வேன் என்ற நெருக்கடி எதையும் அவர் பார்த்ததில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்த கயல் அவ்வளவுதான். மாறாக, பள்ளியில் எல்லாமே சுழியமாக இருந்து, வீட்டில் மட்டும் எட்டு வந்திருந்தால் மருத்துவர் வீட்டைப் பற்றி நிறைய விசாரிக்க வேண்டியிருக்கும். பள்ளியில் மட்டும் வந்திருந்தால் அந்த வகுப்பைப் பற்றியும் பாடங்களில் அவள் தேறும் விதத்தைப் பற்றியும். படிவம் என்பது பேச்சைத் தொடங்கி வைக்கும் கருவி. அதில் வரும் எண்ணையே தீர்ப்பாக எழுதிக் கொடுப்பது தவறு.

அடுத்து, பழைய நோட்டுகள். என் பார்வையில் மதிப்பீட்டுக்கு இவற்றைப் போல உதவும் பொருள் வேறில்லை. கயலின் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் நான்கு கணக்குகள் சரி, எழுத்தும் அழகு. பாதிப் பக்கத்துக்குப் பிறகு கூட்டல் குறியைக் கழித்தலாக எடுத்துக்கொள்கிறாள், கரும்பலகையிலிருந்து 36-ஐ 63 என்று எழுதி வருகிறாள், கடைசி இரண்டு கணக்குகளைத் தொடவே இல்லை. அதே கணக்குகளை உளவியலாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். கணக்கு தெரியாத பிள்ளை முதல் கணக்கிலேயே தடுமாறும். பக்கத்தில் உட்கார்ந்தாலும் தடுமாறும். எழுத்துக் கூட்டி வாசிப்பதிலேயே சிக்கல் இருந்தால் அது டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். புரியாத பாடத்தில் எந்தக் குழந்தைக்கும் கவனம் ஓடிப்போகும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் நிறைய உண்டு என்பதால் வாசிப்பு, எழுத்து, கணக்கு, அறிவுத்திறன் ஆகியவற்றைத் தனியே சோதித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு பக்கம், கவனமின்மை போலத் தோன்றும் உடல் கோளாறுகள். கயலுக்குக் காதும் கண்ணும் பரிசோதிக்கிறார்கள். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய குழந்தைக்குப் பாதிப் பேச்சு காதில் விழாது. நாம் கவனிக்கவில்லை என்று திட்டுவோம். இரவில் குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்தபடி தூங்குகிறாளா என்று கேட்கிறார்கள். அடினாய்டு சதை வீங்கி மூச்சு தடைப்படும் பிள்ளைக்கு நல்ல தூக்கம் கிடைப்பதில்லை. தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் கெட்ட குழந்தை பெரும்பாலும் துள்ளித் திரியும். ரத்தசோகை, தைராய்டு பற்றியும் விசாரிக்கிறார்கள்.

கயல் 'எங்கேயோ பார்த்துக்கொண்டு' உட்காருகிறாள் என்பதால் மருத்துவர் ஒன்றைக் குறிப்பாகக் கேட்கிறார்: "அப்படி இருக்கும்போது தோளைத் தொட்டால் திரும்புகிறாளா?" திரும்புகிறாள். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் கை காலெல்லாம் வெட்டாது. பேச்சின் நடுவே சில நொடிகள் அப்படியே உறைந்துபோய், தொட்டாலும் அறியாமல், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளையைச் சில நிமிடங்கள் வேகமாக மூச்சு விடச் சொல்லி, மூளை அலைப் பதிவும் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குத் தரும் மருந்து வேறு, ஏடிஎச்டிக்குத் தரும் மருந்து வேறு.

எப்போதிலிருந்து இப்படி என்ற கேள்விக்கு அம்மா சொல்லும் பதில் கடைசித் துண்டைச் சேர்க்கிறது. யுகேஜியிலேயே தண்ணீர் பாட்டிலைத் தினமும் தொலைத்திருக்கிறாள். "கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புகிறாள்" என்று அப்போதைய மிஸ் எழுதியிருக்கிறார். இதற்குப் பதிலாக, போன வருடம் வரை நன்றாக இருந்தாள், தாத்தா இறந்த பிறகு, அல்லது பள்ளி மாறிய பிறகுதான் இப்படி என்று அம்மா சொல்லியிருந்தால் துக்கத்தையும் பயத்தையும் பற்றித்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் குழந்தையின் மனமும் பாடத்தில் நிற்காது. கயலின் கதையில் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு, கவனக்குறைவு மேலோங்கிய ஏடிஎச்டி என்று மருத்துவர் சொல்கிறார்.

வயது விஷயத்தில் மருத்துவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வைத்துப் பள்ளிச் சேர்க்கை நடக்கும் மாநிலங்களில் ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே இளையது. செப்டம்பரில் பிறந்தது ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. ஆகஸ்ட் பிள்ளைகளில் 10,000 பேருக்கு 85 பேரும், செப்டம்பர் பிள்ளைகளில் 64 பேரும் ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்டிருந்தார்கள். பிறந்த மாதம் நோயைத் தருவதில்லை. சின்னப் பிள்ளையின் சின்னத்தனத்தைக் குறைபாடு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலும் அவசரமாக எல்கேஜியில் சேர்த்த பிள்ளையை ஒரு வயது மூத்தவர்களோடு ஒப்பிட்டு, உட்காரவே மாட்டேங்கிறான் என்று கவலைப்படுகிறோம். மதிப்பீட்டில் முதல் கேள்வியே வகுப்பில் இவன் வயது என்ன இடம் என்பதாக இருக்க வேண்டும்.

சரி, ஏன் வந்தது? வளர்ப்பு சரியில்லை என்று மாமியார் சொல்வார், இனிப்பு என்று பக்கத்து வீட்டார் சொல்வார், செல்போன் என்று எல்லோரும் சொல்வார்கள். இரட்டையர்களை வைத்து நடந்த பல ஆய்வுகள், மனிதர்களுக்கு இடையே இதில் காணும் வேறுபாட்டில் முக்கால் பங்கு வரை மரபணு சார்ந்தது என்று காட்டுகின்றன. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. செல்போன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1902-இல், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவாகச் சொற்பொழிவாற்றியிருக்கிறார்.

இனிப்பைப் பற்றி 1994-இல் அமெரிக்காவில் ஹூவர், மிலிச் என்ற இருவர் செய்த சோதனையை எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும். சர்க்கரை சாப்பிட்டால் ஆட்டம் போடுகிறான் என்று நம்பிய தாய்மார்களையும், ஐந்து முதல் ஏழு வயதுள்ள அவர்கள் மகன்களையும் வரவழைத்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரை இல்லாத இனிப்பு. ஆனால் பாதித் தாய்மார்களிடம் மட்டும் நிறையச் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் மகன் அதிகமாகத் துள்ளுகிறான் என்று மதிப்பிட்டார்கள். அவனை விட்டு நகராமல், குறை சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். பையன்களின் வயிற்றில் சர்க்கரையே இல்லை. பல்லுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறையுங்கள். ஏடிஎச்டி அதனால் வருவதில்லை.

வளர்ப்பு இதற்குக் காரணம் இல்லை என்றாலும் வீட்டின் போக்கு பிள்ளையின் நாளை மாற்றும். அதனால்தான் ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் சிகிச்சையே பெற்றோருக்குத் தரும் பயிற்சி. "புத்தகத்தை எடுத்து வை, டைரி பார், ஷூவை உள்ளே போடு, பால் குடி" என்று ஒரே மூச்சில் நான்கு வேலை சொன்னால் கயலிடம் முதலாவதுதான் தங்கும். ஒன்றைச் சொல்லி, முடித்ததும் பாராட்டி, பிறகு அடுத்ததைச் சொல்வது; இருபது கணக்கை ஐந்தைந்தாகப் பிரிப்பது; வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைப்பது; பள்ளி விடும் முன் ஆசிரியை ஒரு நிமிடம் டைரியைப் பார்ப்பது. சின்னச் சின்ன ஏற்பாடுகள்தாம். மாதக்கணக்கில் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

ஆறு வயதுக்கு மேல், தேவை இருந்தால், மருந்தும் சேரும். மெத்தில்பெனிடேட் என்ற மருந்து 1940-களிலேயே உருவாக்கப்பட்டது. ஏடிஎச்டி உள்ள பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்காவது அது பலன் தருகிறது. சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, நான்கு மணி நேரம் வரை நிற்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பிள்ளையை மந்தமாக்கி மூலையில் உட்கார வைக்கும் மருந்து என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படி மந்தமானால் அளவு கூடிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடும் பிள்ளை பின்னாளில் போதைக்கு அடிமையாகும் என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்வது ஓரளவுதான் உண்மை. ஓடுவதும் குதிப்பதும் குறையும். மறதி, தள்ளிப்போடுதல், மனதுக்குள் ஓயாத பரபரப்பு ஆகியவை பலரிடம் தொடரும். உலகெங்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஏடிஎச்டி இருக்கிறது. பெரியவர்களில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். பிள்ளையின் படிவத்தை நிரப்பும்போது, இதில் பாதி எனக்கும் பொருந்துகிறதே என்று வியக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் உண்டு. மரபுத் தொடர்பு இருப்பதால் அது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இணையத்தில் ஆறு கேள்விக்குப் பதில் சொல்லித் தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்வது மதிப்பீடு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் பட்டியல் யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மட்டுமே. பெரியவருக்கும் சிறுவயதுச் சான்று வேண்டும்: அம்மாவின் நினைவு, பழைய முன்னேற்ற அறிக்கை, அக்கா தம்பி சொல்வது.

உங்கள் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தால் இரண்டு ஆண்டு நோட்டுகளையும் யுகேஜி முதலான அறிக்கைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆசிரியரிடம் படிவத்தைக் கொடுத்து, அவசரமில்லை, ஒரு வாரம் கவனித்து நிரப்புங்கள் மிஸ் என்று கேளுங்கள். பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், காதையும் தூக்கத்தையும் விசாரிக்காமல், பத்து நிமிடத்தில் ஒருவர் ஏடிஎச்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் டாக்டர் என்று தயங்காமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.